இன்டர்வியூவுக்குத் தரைத்தள அறையும் கூடுதல் நேரமும் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

"எனக்கு நடப்பதில் சிரமம், மாடி ஏற முடியாது, கொஞ்சம் உதவுங்கள்" என்று ஒரு வரி அனுப்பினால் ஹெச்.ஆரிடமிருந்து "கண்டிப்பாக" என்று பதில் வந்துவிடும். ஆனால் இன்டர்வியூ அன்று காலை அந்த வரி கேட் செக்யூரிட்டிக்கும் ரிசப்ஷனுக்கும் போயிருக்காது. மூன்றாம் மாடி கம்ப்யூட்டர் அறையில் டெஸ்ட் ஏற்பாடு செய்தவருக்கும் தெரிந்திருக்காது. மனமில்லாமல் யாரும் இப்படிச் செய்வதில்லை. யார், எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வரியில் இல்லாததால்தான் இப்படி ஆகிறது. உங்கள் கடிதத்தை அட்மின் பிரிவில் இருப்பவர் அப்படியே எடுத்து வேலை பார்க்க முடிய வேண்டும். அதற்கு ஏற்றபடி எழுதுவதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு தனியார் நிறுவன வேலைக்கு, கன்சல்டன்சி மூலமாகவோ நேரடியாகவோ இன்டர்வியூவுக்குக் கூப்பிடப்பட்டவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அரசுத் தேர்வுகளில் இந்த வசதிகளை விண்ணப்பப் படிவத்திலேயே கேட்க வேண்டும். அது வேறு வழி, இங்கே அதைத் தொடவில்லை.

1. முதலில் அன்றைய நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள்

எத்தனை சுற்று, எந்தச் சுற்று எங்கே என்று தெரியாமல் எழுதினால் கடிதம் பாதி விஷயத்தை விட்டுவிடும். பேனல் இன்டர்வியூவுக்குத் தரைத்தள அறை கிடைத்துவிடும், ஆனால் அதற்கு முன் நடக்கும் எக்செல் டெஸ்ட் மூன்றாம் மாடியில் இருக்கும். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குழு விவாதம், சான்றிதழ் சரிபார்ப்பு, சம்பளம் பேசுவது எல்லாமே வேறு வேறு மாடிகளில் இருக்கலாம்.

அழைப்பு வந்த அன்றே, உடல்நிலையைப் பற்றி எதுவும் சொல்லாமல், எந்த விண்ணப்பதாரரும் கேட்கக்கூடியதைப் போல இப்படிக் கேளுங்கள்: "எத்தனை சுற்றுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், டெஸ்ட் இருந்தால் கம்ப்யூட்டரிலா தாளிலா, எந்தக் கட்டடம், எந்த மாடி?" பதில் வந்த பிறகு கடிதத்தை எழுதுங்கள்.

பயோடேட்டாவிலேயே இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பணியிடமாக இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். மற்ற வேலைகளுக்கு இன்டர்வியூ தேதி உறுதியான பிறகு சொன்னால் போதும் என்பது என் கருத்து. அதற்குள் உங்கள் தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஏற்பாடு செய்யவும் அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.

2. நோயின் பெயரைவிட உடலின் அளவுகளை எழுதுங்கள்

போலியோவா, மூட்டுவாதமா, தண்டுவடக் காயமா என்பதை வைத்து ஹெச்.ஆர். ஒன்றும் செய்ய முடியாது. ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவர் பத்துப் படி ஏறுவார், இன்னொருவரால் ஒரு படிகூட முடியாது. "இரண்டு படிக்கு மேல் ஏற முடியாது, கைப்பிடி வேண்டும்" என்றால்தான் எந்த வாசல் வழியாக உங்களை அழைத்து வருவது என்று அவர்களுக்குப் புரியும்.

வீட்டில் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி இருந்தால் எத்தனை படி, இல்லாவிட்டால் எத்தனை படி? நிற்காமல் எத்தனை மீட்டர் நடக்க முடியும்? எவ்வளவு நேரம் நிற்க முடியும்? எழுந்திருக்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? இதில் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கூடுதல் நேரத்துக்கான காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

நல்ல நாளின் அளவை எழுதாதீர்கள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஒரு மணி நேரம் வந்து இறங்கிய பிறகு உடல் எப்படி இருக்குமோ, அந்த அளவை எழுதுங்கள்.

3. "தரைத்தளம்" என்ற ஒரு சொல் போதாது

நம் ஊர் அலுவலகக் கட்டடங்களில் தரைத்தளம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் தரையில் இருக்காது. கீழே கார் நிறுத்தும் இடம் இருக்கும். அல்லது மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க உயர்த்திக் கட்டியிருப்பார்கள், வாசலில் மூன்று முதல் ஆறு படிகள் வரும். பளபளப்பான கிரானைட் பதித்திருப்பார்கள், கைப்பிடி இருக்காது. தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அதைப் படியாகவே எண்ணுவதில்லை. "தரைத்தளம்தான், வாங்க" என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள்.

அதனால் அறையை மட்டும் கேட்காமல், வண்டியிலிருந்து இறங்கும் இடம் முதல் அறையின் நாற்காலி வரை உள்ள முழு வழியையும் கேளுங்கள். கேட்டிலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம், உங்கள் ஆட்டோவையோ இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரையோ வாசல் வரை விடுவார்களா, வாசலில் எத்தனை படி, ஒரு பக்கமாவது கைப்பிடி உண்டா, ரிசப்ஷனிலிருந்து அறைக்கு எவ்வளவு நடக்க வேண்டும், அதே தளத்தில் கழிப்பறை இருக்கிறதா, அது மேற்கத்திய வகையா? பெரிய தொழிற்பேட்டைகளில் கேட்டில் பாஸ் போடும் இடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும். தரைத்தள அறை கிடைத்தும் அந்த நடையிலேயே களைத்துப்போனால் அறையால் என்ன பயன்?

"சாய்தளம் இருக்கிறது" என்று பதில் வந்தால் அதன் நீளத்தைக் கேளுங்கள். பாதுகாப்பான சரிவு 1:12, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் என்றால் மொத்தம் 45 செ.மீ., அதற்கு 540 செ.மீ. நீளச் சாய்தளம் தேவை. உங்களுக்காக அன்று காலை அவசரமாகப் போடும் ப்ளைவுட் பலகை ஒரு மீட்டர்தான் இருக்கும். சக்கர நாற்காலி அதில் பின்னுக்குச் சாயும். ஊன்றுகோல் முனை அதில் வழுக்கும். ஊன்றுகோலோடு நடப்பவருக்குச் செங்குத்தான சாய்தளத்தைவிடக் கைப்பிடி உள்ள இரண்டு படிகள் மேல். உங்களுக்கு எது சரி என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தில் தவறான ஏற்பாட்டைச் செய்துவைப்பார்கள்.

லிஃப்ட் இருக்கும்போது தரைத்தளம் எதற்கு என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு இரண்டு காரணங்களை எழுதலாம். மின்சாரம் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். தீ எச்சரிக்கை அடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தவே கூடாது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்க ஏறத்தாழ 60 படிகள். இரண்டு படி இறங்கவே சிரமப்படுபவரை அப்போது யார் தூக்கி இறக்குவது? இப்படிக் கேட்டால் அட்மின் பிரிவு உடனே புரிந்துகொள்ளும், பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர்களுடையது.

4. கூடுதல் நேரத்தைப் பிரித்துக் கேளுங்கள்

"காலில்தானே பிரச்சினை, டெஸ்டுக்கு எதற்குக் கூடுதல் நேரம்?" என்று கேட்பார்கள். கடிதத்தில் விடை இல்லாவிட்டால் இங்கேதான் மறுப்பு வரும். கூடுதல் நேரம் என்று நாம் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டும்.

முதலாவது டெஸ்டுக்குள் வேண்டிய நேரம். இரண்டு கைகளிலும் முழங்கை ஊன்றுகோல் பிடித்து நடப்பவரின் உடல் பாரத்தில் பெரும் பங்கு உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. உட்கார்ந்த பிறகும் சிறிது நேரம் விரல்கள் வேகமாக ஓடாது. காலிபர் அணிந்தவருக்குத் தொடர்ந்து உட்கார்ந்தால் தொடையில் பட்டை அழுத்தும், எழுந்து நின்றால்தான் சரியாகும். எழுந்து நிற்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நிமிடங்கள் உங்கள் மதிப்பெண்ணிலிருந்து போகின்றன.

எவ்வளவு கேட்பது? மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை 2018 ஆகஸ்டில் எழுத்துத் தேர்வுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், உதவியாளரை வைத்து எழுதுபவருக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தரச் சொல்லியிருக்கிறது. உதவியாளர் இல்லாமல் எழுதுபவருக்கும் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். இரண்டும் ஒரே விகிதம்தான். தனியார் நிறுவனத்தின் டெஸ்டை அந்த வழிகாட்டுதல் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கோரிக்கைக்கு ஒரு நியாயமான அளவுகோல் இருக்கிறது என்று காட்ட உதவும். 90 நிமிட டெஸ்டுக்கு 30 நிமிடம் வருகிறது. அந்த 30 நிமிடமும் எதற்கு என்று காட்டுங்கள்: 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்க ஐந்து ஐந்து நிமிடமாக 10, தட்டச்சு வேகக் குறைவுக்கு 20.

இரண்டாவது சுற்றுகளுக்கு நடுவே வேண்டிய இடைவெளி. 15 நிமிடம் கேட்டால் போதும். மூன்றாவது வந்து சேரும் நேரம். மற்றவர்கள் கேட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்றால், உங்களுக்கு இருபது ஆகும். அரை மணி முன்னதாக உள்ளே விடும்படி செக்யூரிட்டிக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் "இன்னும் டைம் ஆகலை" என்று கேட்டிலேயே நிற்கவைப்பார்கள், நிற்பதுதான் உங்களால் முடியாதது.

ஆன்லைன் டெஸ்டாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. டெஸ்ட் தொடங்கிய பிறகு நேரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் முடியாது. உங்களுக்கு லிங்க் வருவதற்கு முன்பே கூடுதல் நேரத்தை உங்கள் பெயரில் பதிந்துவைக்க வேண்டும். பிரிவுவாரியாகக் கடிகாரம் ஓடும் டெஸ்டில் மொத்த நேரத்தைக் கூட்டினால் போதாது, ஒவ்வொரு பிரிவிலும் கூட்டச் சொல்லுங்கள். கேமரா கண்காணிப்பு உள்ள டெஸ்டில் நீங்கள் எழுந்து நின்றால் முகம் திரையிலிருந்து மறைந்து, முறைகேடு என்று குறிக்கப்படலாம். எழுந்து நிற்க அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது. டைப்பிங் வேகத்தையே அளக்கும் டெஸ்ட் என்றால், அந்த வேகம் வேலைக்கே தேவை என்றால், நேரத்தைக் கூட்டிக் கேட்பது நிற்காது. அங்கே டெஸ்டுக்கு முன் கைக்கு ஓய்வு, சரியான உயரத்தில் மேசை, நடுவில் கடிகாரத்தை நிறுத்தி எழுந்து நிற்க அனுமதி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள்.

5. என்னென்ன ஆவணங்கள், எவ்வளவு செலவு

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இருந்தால் அதன் நகல் ஒன்று போதும். சிகிச்சைக் கோப்பு, எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சைச் சுருக்கம் எதையும் அனுப்ப வேண்டாம். அவை பல மின்னஞ்சல்களில் சுற்றும், திரும்ப வாங்க முடியாது. அட்டை நகலின் குறுக்கே "நேர்காணல் ஏற்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஆதார் எண் தெரிகிற நகல் என்றால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.

அட்டை இல்லையென்றால் swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. மருத்துவ மதிப்பீடு முடிந்து அட்டை வர வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்களும் ஆகும். இன்டர்வியூவுக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். விண்ணப்ப ஒப்புகையையும் டாக்டர் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடுத்த மருத்துவ முகாம் எப்போது என்று கேட்டால் சொல்வார்கள்.

டாக்டர் கடிதம் வாங்கும்போது, என்ன எழுத வேண்டும் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவசரத்தில் டாக்டர்கள் நோயின் பெயரையும் "ஓய்வு தேவை" என்பதையும் எழுதித் தந்துவிடுவார்கள். "ஓய்வு தேவை" என்ற வரி வேலை தேடுபவருக்குக் கெடுதல், அதைப் படிப்பவர் இவரால் வேலை செய்ய முடியாது என்று எடுத்துக்கொள்வார். "இவரால் இரண்டு படிக்கு மேல் ஏற இயலாது. தொடர்ந்து 40 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் எழுந்து நிற்க வேண்டும். மேசையில் அமர்ந்து செய்யும் வேலைக்குத் தடையில்லை" என்ற மூன்று வரிகள் போதும். கையெழுத்து, பதிவு எண், முத்திரை, தேதி நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆறு மாதத்துக்குள் வாங்கிய கடிதமாக இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அரசு மருத்துவமனை புற நோயாளிப் பிரிவில் வாங்கினால் செலவு பெரிதாக வராது, ஒரு காலைப்பொழுது போகும். தனியார் டாக்டரிடம் அவருடைய வழக்கமான ஃபீஸ் ஆகும்.

"40 சதவீதத்துக்குக் கீழே என்றால் எதுவும் கிடையாது" என்று ஹெச்.ஆர். சொன்னால் அது சரியல்ல. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம் என்ற கோடு இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கானது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒரு யு.பி.எஸ்.சி. தேர்வரின் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக மட்டும் உதவியாளரை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு இருப்பவர்களும் இதே கடிதத்தை எழுதலாம். ஆனால் அந்தச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைப் பற்றியது. அதனால் கீழே உள்ள கடிதத்தில் சட்டப் பிரிவு 21ஐக் குறிப்பிடும் வரியை எடுத்துவிட்டு, டாக்டர் சீட்டை மட்டும் இணையுங்கள்.

6. கடிதம்

கிண்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலை என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு 90 நிமிட எக்செல் டெஸ்ட், 11.30க்கு 45 நிமிடத் தொழில்நுட்பச் சுற்று, 12.15க்கு அரை மணி நேர ஹெச்.ஆர். சுற்று, எல்லாம் மூன்றாம் மாடியில். விண்ணப்பதாரர் காலிபர் அணிந்து இரண்டு முழங்கை ஊன்றுகோலோடு நடப்பவர். இங்கே கூடுதல் நேரத்தைப் பின்னால் சேர்த்தால் பேனல் காத்திருக்க வேண்டும். டெஸ்டை அரை மணி முன்னதாகத் தொடங்கச் சொன்னால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவர்களுடைய நேரத்தையும் நீங்கள் கணக்கிட்டுக் கொடுத்தால் "சரி" என்பது எளிதாக வரும்.

பொருள்: 18 ஆம் தேதி நேர்காணல் – தரைத்தள அறையும் கூடுதல் நேரமும் வேண்டுதல் – (உங்கள் பெயர்), கணக்குப் பிரிவு

வணக்கம்.

18 ஆம் தேதி நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. கட்டாயம் வருகிறேன். எனக்கு நடப்பதில் குறைபாடு உண்டு. இரண்டு முழங்கை ஊன்றுகோல்களோடு நடக்கிறேன். இரண்டு படிக்கு மேல் ஏற இயலாது. தொடர்ந்து 40 நிமிடம் உட்கார்ந்தால் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். எனவே கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அறை: மூன்று சுற்றுகளும் தரைத்தளத்தில் ஒரே அறையில் நடக்க வேண்டும். டெஸ்டுக்கு அங்கேயே லேப்டாப் ஒன்று வேண்டும். கை வைத்த, சக்கரமில்லாத நாற்காலி தேவை. அதே தளத்தில் மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்று தெரிவிக்கவும்.

வழி: என் ஆட்டோ கட்டட வாசல் வரை வர அனுமதி வேண்டும். வாசலில் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா என்று தெரிவிக்கவும். காலை 9 மணிக்கு என்னை உள்ளே அனுமதிக்கும்படி செக்யூரிட்டிக்குச் சொல்லவும்.

நேரம்: 90 நிமிட டெஸ்டுக்கு 120 நிமிடம் வேண்டும். இருமுறை எழுந்து நிற்க 10 நிமிடமும், ஊன்றுகோலால் மணிக்கட்டு சோர்ந்து தட்டச்சு வேகம் குறைவதற்கு 20 நிமிடமும் இதில் அடங்கும். டெஸ்டை 9.30க்குத் தொடங்கினால் 11.30க்கு முடியும். 15 நிமிட இடைவெளிக்குப் பிறகு 11.45க்குத் தொழில்நுட்பச் சுற்றும், மீண்டும் 15 நிமிட இடைவெளி விட்டு 12.45க்கு ஹெச்.ஆர். சுற்றும் நடத்தலாம். கேள்விகளிலோ மதிப்பீட்டிலோ எந்த மாற்றமும் கேட்கவில்லை.

தரைத்தள அறைக்கு அன்று வாய்ப்பே இல்லையென்றால் மட்டும், வேறொரு தேதியைத் தெரிவிக்கவும்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பிரிவு 21இன்படி உங்கள் நிறுவனத்தில் சம வாய்ப்புக் கொள்கை இருக்குமென நம்புகிறேன். அதன் தொடர்பு அலுவலருக்கும் இதை அனுப்பவும். என் உடல்நிலை குறித்த தகவலை ஏற்பாடு செய்பவர்களிடம் மட்டும் பகிரவும். யு.டி.ஐ.டி. அட்டை நகலை இணைத்துள்ளேன்.

14 ஆம் தேதிக்குள் பதில் தந்தால் பயணத்தைத் திட்டமிட உதவியாக இருக்கும்.

(பெயர், கைபேசி எண்)

கடிதம் இவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதினால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் அனுப்புங்கள். மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள், தனிக் கோப்பாக இணைத்தால் செக்யூரிட்டிக்கு அனுப்பும்போது அது விட்டுப்போகும்.

மாற்று ஏற்பாட்டை எழுதுவதில் கவனம் வேண்டும். "தரைத்தளம் அல்லது வீடியோ கால், எதுவானாலும் சரி" என்று எழுதினால் அவர்கள் வீடியோவைத்தான் எடுப்பார்கள், அதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாமே. மற்ற எல்லோரும் நேரில் உட்கார்ந்து பேசும்போது நீங்கள் மட்டும் திரையில் இருப்பது பல வேலைகளுக்குப் பாதகமாக முடியும். வீடியோ உங்களுக்கே வசதி என்றால் முதல் கோரிக்கையாகவே அதை எழுதுங்கள்.

பிரிவு 21ஐக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது அது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமானால், மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரை நியமிப்பதும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும் என்கின்றன 2017 ஆம் ஆண்டின் விதிகள். கொள்கை பெரும்பாலும் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு என்று பொருள்படும் ‘ரீசனபிள் அகாமடேஷன்’ என்ற சொல் இருந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துக் கடிதத்தில் போடுங்கள். சட்டத்தைவிடத் தங்கள் சொந்தக் கொள்கைக்கு ஹெச்.ஆர். வேகமாக அசைவார்கள்.

7. யாருக்கு, எப்போது

நிகழ்ச்சி நிரல் கிடைத்த மறுநாளே அனுப்புங்கள். இன்டர்வியூவுக்கு முன் ஐந்து வேலை நாட்களாவது இருக்க வேண்டும். இரண்டே நாளில் இன்டர்வியூ என்றால் கடிதத்தை அனுப்பிவிட்டு உடனே போனும் செய்யுங்கள்.

கன்சல்டன்சி வழியாகப் போனால் அவர்களுக்கு மட்டும் எழுதிவிட்டு இருக்காதீர்கள். நிறுவனம் தயங்குமோ என்று பயந்து கன்சல்டன்சியில் சிலர் கடிதத்தை நிறுவனத்துக்கு அனுப்புவதில்லை. "போனில் சொல்லிட்டேன்" என்பார்கள். நிறுவன ஹெச்.ஆரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி, அவருக்கு எழுதி, கன்சல்டன்சிக்கு நகல் போடுங்கள். முகவரி தர மறுத்தால், "நிறுவனத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலில் என்னையும் நகலில் சேருங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலுக்கு மேலே ஒரு வரி எழுதித் திரும்ப அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போனிலும் பேசியதை எல்லாம் "இன்று பேசியபடி" என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சலாக மாற்றி வையுங்கள்.

8. வரும் பதில்களுக்கு என்ன எழுதுவது

"பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில் உறுதிமொழி ஆகாது. "நன்றி. எந்த அறை, எந்த கேட், அன்று காலை யாரைத் தொடர்புகொள்வது என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அறையின் பெயர் வந்தால் ஏற்பாடு தொடங்கிவிட்டது என்று பொருள்.

"எங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்" என்று சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். பழக்கமில்லாதவர்கள் நாற்காலியோடு படியில் தூக்கும்போது கை நழுவும். இன்டர்வியூவுக்கு முன் அந்த நிலைக்கு யாரையும் உள்ளாக்குவதும் முறையல்ல. "பாதுகாப்புக் காரணமாக அதற்கு உடன்பட முடியாது. தரைத்தள அறை அல்லது வேறு தேதி தரவும்" என்ற இரண்டு வரிகள் போதும்.

"மற்றவர்களுக்கு அநியாயம் ஆகிவிடும்" என்றால், கேள்விகளும் மதிப்பீடும் ஒன்றுதான், எழுந்து நிற்கும் நிமிடங்களைத் திருப்பிக் கேட்கிறேன் என்று 10, 20 நிமிடக் கணக்கை மறுபடி காட்டுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், எழுந்து நிற்கும் 10 நிமிடம் கடிகாரத்தை நிறுத்தும்படியாவது கேளுங்கள். பெரும்பாலும் அது கிடைத்துவிடும்.

நேரடியாக மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, தொடர்பு அலுவலருக்கு அனுப்புங்கள். அங்கும் பயனில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு எழுதலாம். கடிதம், பதில்கள், அட்டை நகல் மூன்றையும் தேதி வரிசையில் இணைத்தால் போதும். ஆணையர் பரிந்துரை அனுப்பினால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வழி உங்கள் இன்டர்வியூ தேதிக்குள் முடியாது. அதனால் தேதியைத் தள்ளிவைக்கும் கோரிக்கையை முதலில் வையுங்கள், மனுவை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

9. முந்தைய நாளும் அன்றைக்கும்

முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குள் தொடர்பு நபருக்கு ஒரு போன் செய்து அறை, கேட், லேப்டாப், 120 நிமிடம் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான்கு மணிக்கு மேல் கேட்டால் அட்மின் பிரிவில் ஆள் இருக்கமாட்டார்கள்.

கடிதத்தையும் உறுதி செய்த பதிலையும் இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். கேட்டில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு போனில் மின்னஞ்சல் தேட முடியாது. இரண்டு கையும் ஊன்றுகோலில் இருப்பதால் கோப்புகளைத் தோள்பையில் மாட்டிக்கொள்ளுங்கள், குறுக்கே மாட்டும் பை என்றால் நடக்கும்போது முன்னுக்குச் சரியாது.

டெஸ்ட் தொடங்கும் முன் திரையில் காட்டும் நேரத்தைப் பாருங்கள். 90 என்று இருந்தால் தொடங்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் பிறகு யாராலும் எளிதில் மாற்ற முடியாது. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, அச்செடுத்த பதிலைக் காட்டி, 120 ஆக மாறிய பிறகு தொடங்குங்கள்.